முகத்துக்கு நேராகச் சொல்பவர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் மின்னணுச் சில்லுகள் செய்யும் ஓர் அமெரிக்கத் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் நான் இளநிலை அதிகாரியாக இருந்தேன். சமூகவியல் படித்துவிட்டு வந்தவள். நிராகரிக்கப்பட்டவர்களின் கோப்புகளை அலமாரியில் அடுக்குவது என் முதல் வேலை. அடுக்குவதோடு நிற்காமல் அவற்றைப் படிக்கவும் செய்தேன். நேர்முகத் தேர்வின் முடிவில் குழுவினர் எழுதும் காரணத்துக்கு நான்கு வரி இடம் விடப்பட்டிருந்தது. பெரும்பாலான தாள்களில் அதில் ஒரே வாக்கியம்தான் இருந்தது: நம் பண்பாட்டுக்குப் பொருந்த மாட்டார்.

எந்தப் பண்பாடு என்று யாரும் எழுதவில்லை. ஒரு மலாய் இளைஞரின் தாளைப் பற்றி உற்பத்தி மேலாளரிடம் கேட்டேன். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த சீனர் அவர்; ஒளிவுமறைவு இல்லாத மனிதர். "வேலை தெரிஞ்ச ஆளுதான் லா. ஆனா வெள்ளிக்கிழமை நாங்க எல்லாரும் பேட்மிண்டன் ஆடிட்டு பீர் குடிக்கப் போவோம். இவன் வரவே மாட்டான். அப்புறம் எப்படி டீம்?" என்றார். அவர் பேசியது ஆங்கிலம். வீட்டில் நான் அதைச் சொல்லிக் காட்டிய விதத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்று எனக்கு வந்த கோபம் நியாயமானது என்று இன்றும் நினைக்கிறேன். அந்தக் கோபத்தோடு நான் செய்த வேலையைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை.

தலைமையகம் ஐந்து விழுமியங்களை அட்டையில் அச்சடித்து எல்லோர் கழுத்திலும் தொங்க விட்டிருந்தது. அவை வெறும் ஐந்து சொற்கள். சொல்லாக இருக்கும்வரை ஒவ்வொருவரும் அதில் தம் நண்பர்களின் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்று நான் வாதிட்டேன். ஒவ்வொரு விழுமியத்தையும் கண்ணால் பார்க்கக்கூடிய நடத்தையாக எழுத வேண்டும். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். விண்ணப்பதாரர் சொன்னதைக் குறித்துக்கொண்டு, தேர்வாளர்கள் ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன்பே தனித்தனியாக ஒன்று முதல் ஐந்து வரை எண் போட வேண்டும். 'பொருந்த மாட்டார்' என்ற வாக்கியம் இனி எந்தத் தாளிலும் இடம்பெறக் கூடாது. என் மேலதிகாரி கேட்டுவிட்டு, "அப்படின்னா நீயே எழுது" என்றார்.

எழுதினேன். ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். நல்ல சூப்பர்வைசர் எப்படி இருப்பார் என்பதை நானாகக் கற்பனை செய்துவிடக் கூடாது என்பதற்காக, தொழிற்சாலையிலேயே மிகச் சிறந்தவர்கள் என்று பெயர் வாங்கிய மூன்று பேரின் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நடந்தேன். கூட்டங்களில் அவர்கள் எப்படிப் பேசினார்கள், யாரிடம் எதை மறுத்தார்கள் என்று எழுதிக்கொண்டேன். அவர்கள் மூவரும் ஜார்ஜ் டவுனின் ஓர் ஆங்கிலப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். மூவரும் வெள்ளிக்கிழமை பேட்மிண்டன் ஆடுபவர்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்கும் நான் எழுதிக்கொண்டிருந்ததற்கும் தொடர்பு உண்டு என்பதுதான் தோன்றவில்லை.

வெளிப்படைத்தன்மை என்ற விழுமியத்துக்கு நான் எழுதியது இது. தவறு என்று தோன்றுவதைக் கூட்டத்திலேயே, உரியவரின் முகத்துக்கு நேராகச் சொல்பவருக்கு நான்கு. பிறகு தனியாகச் சொல்பவருக்கு இரண்டு. சொல்லாமலே விடுபவருக்கு ஒன்று. எந்த ஒரு விழுமியத்திலும் சராசரி மூன்றுக்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. கடைசி விதியையும் நான்தான் சேர்த்தேன். கலகலப்பாகப் பேசத் தெரிந்த ஒருவர் மற்றவற்றில் வாங்கும் ஐந்தைக் காட்டி இதில் வாங்கிய ஒன்றை மறைத்துவிடக் கூடாது என்று எண்ணினேன்.

அந்த ஆண்டு லைன் லீடர் என்ற பதவியையே எடுத்துவிட முடிவு செய்தார்கள். மேலே சூப்பர்வைசர், கீழே ஆப்பரேட்டர். நடுவில் யாரும் வேண்டாம். இருக்கிற லைன் லீடர்கள் ஒருமுறை மட்டும் சூப்பர்வைசர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் ஆப்பரேட்டராக உட்கார வேண்டும். அடுத்த ஆண்டு முதல் டிப்ளோமா இல்லாதவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது.

விண்ணப்பித்த ஆறு பேரில் ஒரே தமிழ்ப் பெண், சில்லுகளில் தங்கக் கம்பி ஒட்டும் பகுதியின் லைன் லீடர். வயது முப்பத்து நான்கு. கடலுக்கு அந்தப் பக்கமிருந்த சிம்பாங் அம்பாட்டிலிருந்து தொழிற்சாலைப் பேருந்தில் பாலம் தாண்டி வருவார். அந்தப் பகுதியில் இருந்த பெண்களில் பாதிப்பேர் அவரிடம் வேலை கற்றவர்கள். விண்ணப்பத்தை என்னிடம் கொடுக்க வந்தபோது, "மிஸ், இது கெடைக்கலன்னா நான் பழக்கிவிட்ட பிள்ளைங்க பக்கத்துல போய் உட்காரணும். அதுங்க 'அக்கா நகருங்க'ன்னு சொல்லும், நான் நகரணும்" என்று சிரித்தார். தொழிற்சாலையில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்பது விதி. அவர் எட்டு வயது இளையவளான என்னைக் கடைசிவரை 'மிஸ்' என்றுதான் அழைத்தார்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர்: உற்பத்தி மேலாளர், தலைமையகத்திலிருந்து வந்திருந்த அமெரிக்கப் பொறியியல் மேலாளர், நான். எதிரே உட்கார்ந்த அந்த லைன் லீடர் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். வெளிப்படைத்தன்மைக்கான கேள்வியை எழுதியிருந்தபடியே படித்தேன்: மேலே உள்ள ஒருவர் செய்தது தவறு என்று உங்களுக்குத் தோன்றிய ஒரு நேரத்தைச் சொல்லுங்கள், நீங்கள் என்ன செய்தீர்கள்?

அவர் சொன்ன நிகழ்ச்சி எளிமையானது. புதிதாக வந்த இளம் பொறியாளர் ஒருவர் இயந்திரத்தின் வெப்ப அளவை மாற்றியிருந்தார். ஒட்டிய கம்பியை இழுத்துப் பார்க்கும் சோதனையில் அளவு இன்னும் வரம்புக்குள்தான் இருந்தது; ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. காலைக் கூட்டத்தில் அந்தப் பொறியாளர் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார். இவர் எதுவும் பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் பதிவேட்டிலிருந்த அளவுகளை ஒரு வரைதாளில் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு இழுத்து, பொறியாளர் தேநீருக்குப் போகுமுன் அவருடைய இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு, "நேரம் இருந்தா பாருங்க சார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அரை மணி நேரத்தில் பொறியாளரே இயந்திரத்தை நிறுத்தினார். அதுவரை முடிந்திருந்த சில்லுகள் வெளியே போகாமல் தடுக்கப்பட்டன. மறுநாள் கூட்டத்தில் அந்தப் பொறியாளர் அதைத் தாமே கண்டுபிடித்ததாகச் சொன்னார்.

அமெரிக்கர் முன்னால் சாய்ந்தார். "கூட்டத்திலேயே ஏன் சொல்லவில்லை?"

"அவரு போஸ் பக்கத்துல உட்கார்ந்திருந்தாரு சார். எல்லாருக்கும் முன்னால சொன்னா அவருக்கு மாலு." வெட்கக்கேடு என்பதற்கான மலாய்ச் சொல் அது. அமெரிக்கருக்கு உற்பத்தி மேலாளர் விளக்கினார். "மாலு வந்துட்டா அப்புறம் அவரு மெஷினைப் பார்க்க மாட்டாரு, என்னைத்தான் பார்ப்பாரு. எனக்கு மெஷின் நிக்கணும். அவ்ளோதான்."

நான் அதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன். சாட்சியத்தை முழுமையாகக் குறிக்க வேண்டும் என்பது என் விதி. பிறகு என் அளவுகோலைப் பார்த்தேன். தனியாகச் சொல்பவருக்கு இரண்டு. இரண்டு போட்டேன்.

தாள்களைத் திருப்பிப் போட்டபோது அமெரிக்கரும் இரண்டு போட்டிருந்தார். உற்பத்தி மேலாளர் நான்கு போட்டிருந்தார். சராசரி மூன்றைத் தொடவில்லை. மற்ற நான்கு விழுமியங்களிலும் அந்தப் பெண் எளிதாகத் தேறியிருந்தார்.

"என்னா இது?" என்றார் உற்பத்தி மேலாளர். "எட்டு வருசமா பார்க்கறேன். அந்த அம்மா இருக்கற லைன்ல கழிவு குறைவு. ஆளு நல்ல ஆளு. எனக்குத் தெரியும் லா."

"அது சாட்சியம் இல்லை, அபிப்பிராயம்" என்றேன் நான்.

"நான் அபிப்பிராயம் சொன்னா மட்டும் தப்பு. நீ அபிப்பிராயத்தை டைப் அடிச்சா ரூலா?"

அமெரிக்கர் நடுவில் வந்தார். அவர் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. "முகத்துக்கு நேராகப் பேசுகிறவர்கள் நம்மிடம் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருவர் முகம் கெடாமல் இயந்திரத்தை நிறுத்த வைக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இவர் கொண்டுவருவது நம்மிடம் இல்லாத ஒன்றா?" பிறகு என்னைப் பார்த்து, "அளவுகோலை எழுதியவர் நீங்கள். அந்த இரண்டு, இந்த நிகழ்ச்சியை நினைத்து எழுதப்பட்டதா?" என்றார்.

இல்லை என்பதுதான் பதில். அளவுகோலே தவறு என்று சொல்லி, ஆறு பேரின் எண்களையும் நிறுத்திவைத்து, எல்லோருக்கும் திருத்தி மறுபடி எண் போட நான் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் அனுமதித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

கேட்காததற்கு ஒரு காரணம் கொள்கை. ஒருவருக்காக அளவுகோலை வளைத்தால், பீர் குடிக்க வராதவரை ஒதுக்கிய பழைய வழக்கத்துக்கும் கதவு திறந்துவிடும். மறு காரணத்தை அப்போது எனக்கே நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மேசையில் ஒரே தமிழர் நான்; எதிரே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவரும் தமிழர். என் அப்பா அரசாங்க எழுத்தராக முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர். ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்ட எச்சரிக்கை, தன் ஆளுக்குச் சலுகை காட்டினாய் என்ற பேச்சு ஒருமுறை வந்தால் போகாது என்பது. எங்களைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர் வேலைக்கு வந்த குடும்பங்களுக்கு அந்தப் பயம் பழக்கமானது. ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண்ணை 'என் ஆள்' என்று எங்கள் வீட்டில் ஒருநாளும் நினைத்ததில்லை என்பதும் உண்மை. மற்றவர்கள் அப்படி நினைப்பார்கள் என்பதற்கு மட்டும் பயந்தோம்.

"அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுதான்" என்றேன். அமெரிக்கர் பேனாவை மூடினார். உற்பத்தி மேலாளர் எழுந்து, "சரி லா, ஃபேராத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முடிவைச் சொல்ல அந்த லைன் லீடரைக் கேண்டீனின் ஓரத்து மேசைக்கு அழைத்தேன். காரணத்தை மறைக்கக் கூடாது என்பதும் என் விதி. எண்களைச் சொல்லி, எந்த இடத்தில் குறைந்தது என்று விளக்கினேன். அவர் தே தாரிக் என்ற நுரைத் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்போ நான் கத்தியிருக்கணும், அப்படித்தானே மிஸ்?"

"கத்தணும்னு இல்லக்கா. நேரா சொல்லியிருக்கணும்."

"நேரா சொன்னா அந்தப் பையன் அழுதிருப்பான். வந்து ரெண்டு மாசம்தான். மெஷின் ஓடிக்கிட்டே இருந்திருக்கும்." டம்ளரைக் கீழே வைத்தார். "மெஷின் நின்னதுக்கு மார்க் இல்லையா?"

அப்படி ஒரு வரி என் தாளில் இல்லை. விளைவுக்கு எண் கொடுத்தால் அதிர்ஷ்டத்துக்கும் எண் கொடுத்ததாகிவிடும் என்று நானே அதை விலக்கியிருந்தேன். நடத்தையை மட்டும்தான் அளந்தேன்; எதற்காக அந்த நடத்தை என்று கேட்கவில்லை. தவறு சரியான நேரத்தில், அதைத் திருத்தக்கூடியவரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அந்த விழுமியத்தின் தேவை. சத்தமாகவா, தனியாகவா, ஒரு தாளில் கோடு போட்டா என்பது வழி. நான் மூன்று பேரின் வழியை எடுத்து, அதற்கு விழுமியம் என்று பெயர் வைத்திருந்தேன். பழைய தாள்களில் 'பொருந்த மாட்டார்' என்று எழுதியவர்கள் ஒதுக்கியது ஒரு பழக்கத்தை. நான் அதையே எண்ணாக்கி, மறுத்துப் பேச முடியாதபடி செய்திருந்தேன்.

இதை விளக்கிப் பதினோரு பக்க அறிக்கை எழுதினேன். விழுமியங்களின் வரையறை எல்லா நாடுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும்; என் தாள் ஏற்கெனவே மற்றத் தொழிற்சாலைகளுக்கும் முன்மாதிரியாக அனுப்பப்பட்டுவிட்டது என்று தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. தெளிவாக எழுதியதற்காகப் பாராட்டும் அதிலேயே இருந்தது. ஒரே ஒரு சலுகை: தாளின் கடைசியில், எண் இல்லாத ஒரு கேள்வியைச் சேர்க்கலாம். இந்த விண்ணப்பதாரர் நம் குழுவில் இல்லாத எதைக் கொண்டுவருகிறார்?

இன்று இதற்குப் பெயர் உண்டு. பண்பாட்டுக்குப் பொருந்துகிறாரா என்று பார்க்காதே, பண்பாட்டுக்கு எதைச் சேர்க்கிறார் என்று பார் என்கிறார்கள். ‘கல்ச்சர் ஃபிட்’ போய் ‘கல்ச்சர் ஆட்’ வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு அடுத்த சுற்றில் தேர்வாளர்கள் எழுதிய பதில்களை நான் படித்தேன். ஒருவர் 'பெண்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'இந்தியர்' என்று. மூன்றாமவர் 'வெளியூர்க்காரர், புதுமாதிரி' என்று. அந்த மனிதருக்கு என்ன செய்யத் தெரியும், மற்றவர்களுக்கு அது ஏன் தெரியாது என்று ஒருவரும் எழுதவில்லை. அந்தச் சுற்றுக்கு டிப்ளோமா கட்டாயம். கம்பி ஒட்டும் பகுதியிலிருந்து விண்ணப்பிக்க யாருமில்லை.

அந்த லைன் லீடர் மறுபடியும் ஆப்பரேட்டரானார். அவரிடம் வேலை கற்ற பெண் ஒருத்தியின் பக்கத்து இயந்திரத்தில் உட்கார்ந்தார். தேர்ச்சி பெறாத லைன் லீடர்கள் எல்லோரும், எந்த விழுமியத்தில் குறைந்தார்களோ அதற்கான வகுப்புக்கு வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. வெளிப்படைத்தன்மை வகுப்பை நடத்தியவள் நான்.

இரண்டு நாள் வகுப்பு. இரண்டாம் நாள் நடிப்புப் பயிற்சி. ஒருவர் மேலதிகாரியாக உட்கார வேண்டும், மற்றவர் எழுந்து தவறை நேருக்கு நேர் சொல்ல வேண்டும். அவர் முறை வந்தது. எதிரில் மேலதிகாரியாக உட்கார்ந்திருந்தவர் கழிவுக் கணக்கைத் தப்பாகச் சொன்னார். இவர் எழுந்து, கையை மேசையில் ஊன்றி, "நீங்க சொல்றது தப்பு. நேத்து பதிவைப் பாருங்க. இப்பவே பாருங்க" என்று மலாயில் சொன்னார். வகுப்பே கைதட்டியது. "அடோய், புலி லா அக்கா!" என்று பின்னால் ஒரு மலாய்ப் பெண் கத்தினாள். அவர் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் நான்கு போட்டேன். அந்த எண்ணால் இப்போது எதுவும் ஆகாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "கெடைச்சிருச்சா மிஸ்?" என்று எண்ணைப் பார்த்துக் கேட்டார். "எவ்ளோ சுலபமா இருக்கு. அழுகறதுக்கு அங்க ஆளு இல்லைல்ல."

மூன்று வாரம் கழித்து, டிப்ளோமாவோடு புதிதாக வந்திருந்த சூப்பர்வைசர் காலைக் கூட்டத்தில் ஒரு லாட்டை, ஒரு தொகுதிச் சில்லுகளை, அனுப்பச் சொன்னார். இவர் எழுந்து, அதன் சோதனை இன்னும் முடியவில்லை, அனுப்பினால் தப்பு என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். சொன்னது சரி. சூப்பர்வைசர் முகம் சிவந்து, லாட்டை அனுப்பிவிட்டார். மாலையில் எச்சரிக்கைக் கடிதத்தின் நகல் என் மேசைக்கு வந்தது. 'கூட்டத்தில் மேலதிகாரியைத் தாக்கிப் பேசினார். தொனி சரியில்லை.'

சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். இளைஞர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. "முகத்துக்கு நேராகச் சொல்வதுதானே நம் விழுமியம்?" என்றேன்.

அவர் கழுத்து அட்டையிலிருந்த இன்னொரு சொல்லைக் காட்டி, பக்கத்தில் என் தாளை விரித்தார். "இதுவும் நீங்க எழுதினதுதானே?" என்றார். மரியாதை என்ற விழுமியம். உடன் வேலை செய்பவரை மற்றவர்கள் முன்னிலையில் சங்கடப்படுத்துபவருக்கு ஒன்று.

இரண்டும் என் வாக்கியங்கள். அந்த மூன்று சிறந்த சூப்பர்வைசர்களும் கூட்டத்தில் ஒருவரையொருவர் மறுத்தபோது அது வெளிப்படைத்தன்மையாகவே இருந்தது; ஏனென்றால் அவர்கள் நண்பர்கள். இவர் அதே சொற்களைச் சொன்னபோது அது அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதற்கு நான் விதி எழுதவில்லை. அப்படி ஒரு விதியை எழுத முடியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எச்சரிக்கையை ரத்து செய்யக் கேட்டு எழுதினேன். சூப்பர்வைசரின் அதிகாரத்தில் பணியாளர் பிரிவு தலையிடாது என்று என் மேலதிகாரி திருப்பி அனுப்பினார். உற்பத்தி மேலாளரிடம் போனேன். "நீதானே எங்களுக்கு அபிப்பிராயம் கூடாதுன்னே?" என்றார். குரலில் கிண்டல்கூட இல்லை.

மாத இறுதியில் அந்தப் பெண் வேலையை விட்டார். விலகுபவரிடம் பேசிப் படிவம் நிரப்புவதும் என் வேலைதான். கண்ணாடித் தடுப்புக்குள் எதிரே உட்கார்ந்து, கழுத்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். இயந்திரச் சாவி, காலணி, தலைத்துணி எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டார். கடைசிக் கேள்வி, விலகக் காரணம். நான் பேனாவோடு காத்திருந்தேன்.

"என்னா எழுதணும்?" என்றார்.

"நடந்ததைச் சொல்லுங்கக்கா. நான் அப்படியே எழுதறேன். தலைமையகத்துல படிப்பாங்க."

"நேரா சொல்லவா, தனியா சொல்லவா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பஸ் வந்துரும் மிஸ். உங்களுக்குத்தான் எழுத வருமே, எதையாச்சும் போட்டுக்குங்க."

அவர் போன பிறகு படிவத்தை முன்னால் இழுத்துக்கொண்டேன். காரணத்துக்கு இரண்டு வரிதான் இடம் இருந்தது. அதற்குள் அடங்கக்கூடிய ஒரே உண்மை, அவர் பொருந்தவில்லை என்பதற்கு மிக அருகில் போய் நின்றது. அந்த வாக்கியத்தைத் தடை செய்தவள் நான்.

'சொந்தக் காரணங்கள்' என்று எழுதி, படிவத்தை அலமாரியில் அடுக்கினேன்.